குறைஞ்சதா, மாறினதா? கொள்ளிடம் மணலில் ஒரு பீட்டா கணக்கு

(ஒலி அத்தியாயத்தின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருச்சிக்காரங்களுக்குத் தெரிஞ்ச ஒரு காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போற ஒன்றாம் நம்பர் பஸ். சத்திரம் வந்ததும் பத்துப் பேர் இறங்குறாங்க, பத்துப் பேர் ஏறுறாங்க. பஸ்ஸில் இருக்கிற தலை எண்ணிக்கை மாறவே இல்லை, ஆனால் ஆட்கள் மாறிட்டாங்க. அப்புறம் காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் தாண்டிப் போகும்போது இறங்குறவங்கதான் அதிகம், ஏறுறவங்க அநேகமா இல்லை. கடைசி நிறுத்தத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. அந்த நாலு பேரும் ஏற்கெனவே பஸ்ஸில் இருந்தவங்கதான். புதுசா யாரும் இல்லை.

இரண்டு இடத்திலும் பஸ் "மாறிடுச்சு". ஆனால் முதல் மாற்றம் வேற, இரண்டாவது மாற்றம் வேற. முதலில் நடந்தது ஆள் மாற்றம். இரண்டாவதில் நடந்தது ஆள் குறைவு. இன்னைக்குப் பேசப்போறது இந்த இரண்டையும் எப்படிப் பிரிச்சு அளக்கிறது என்பதைப் பற்றித்தான். பஸ்ஸுக்குப் பதிலா ஏரி, குளம், ஆறு. ஆட்களுக்குப் பதிலா நீரோரப் பறவைகள்.

மூன்று இடம், ஒரு பட்டியல்

ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உயிரினப் பட்டியல் எவ்வளவு வேறுபடுதோ, அதுக்குப் பீட்டா பன்மை என்று பேர். 1960-ல் ராபர்ட் விட்டேகர் வச்ச பேர் இது. அப்புறம் ஐம்பது வருஷம் இதை அளக்க விதவிதமான குறியீடுகள் வந்தன. அவற்றில் பலவற்றில் ஒரு குழப்பம் இருந்தது. ஆள் மாறினாலும் எண் கூடும், ஆள் குறைஞ்சாலும் எண் கூடும். எண்ணைப் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. 2010-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஆந்த்ரெஸ் பசெல்கா இந்த இரண்டையும் தனித்தனியா பிரிச்சு, கூட்டினால் மொத்தம் வர்ற மாதிரி ஒரு கணக்கைக் கொடுத்தார். ஆள் மாறுறதுக்கு டர்ன்ஓவர் என்று பேர், நாம் மாற்றீடு என்று வச்சுக்கலாம். ஒரு சின்னப் பட்டியல் பெரிய பட்டியலுக்குள்ள அப்படியே அடங்கிப் போறதுக்கு நெஸ்டட்னஸ் என்று பேர். ரங்கநாதர் கோயில் பிராகாரம் ஒன்றுக்குள்ள ஒன்று இருக்கிற மாதிரி. அதை உள்ளடங்கல் என்று சொல்றேன்.

கணக்குக்கு மூன்று இடம் எடுத்துக்குவோம். ஒன்று, கிளியூர் பக்கம் இருக்கிற மாதிரி நாணலும் தாமரை இலையும் உள்ள ஒரு பாசன ஏரி. இரண்டு, ஸ்ரீரங்கத்துக்குள்ள நாலு பக்கமும் கல்படி கட்டின ஒரு சின்னக் குளம். மூன்று, கொள்ளிடத்து மணல். முக்கொம்பில் பிரியிற காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தை நடுவில் வச்சு ஓடுதுங்க. அதில் வடக்குப் பக்கம் இருக்கிறது கொள்ளிடம். உபரித் தண்ணி வரும்போதுதான் அது கரை புரளும். மத்த மாசங்களில் அகலமான மணலும், நடுவில் மெல்லிசா ஒரு ஓடையும்தான்.

ஒன்று சொல்லிடறேன். இந்தப் பட்டியல் வகுப்புப் பயிற்சிக்காக நானே கட்டினது. எந்தப் பறவை எந்த மாதிரி இடத்தில் இருக்கும் என்கிறது உண்மை. எண்ணிக்கையை மட்டும் கணக்கு சுளுவா வர்ற மாதிரி அமைச்சிருக்கேன். இதை இந்த இடங்களோட கணக்கெடுப்பு முடிவு என்று யாரும் எடுத்துக்க வேண்டாம்.

ஏரியில் 12 இனம்: முக்குளிப்பான், நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, சிறு நீர்க்காகம், மடையான், சின்னக் கொக்கு, வெண்தொண்டை மீன்கொத்தி, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை.

குளத்தில் 4 இனம்: முக்குளிப்பான், தாழைக்கோழி, மடையான், வெண்தொண்டை மீன்கொத்தி. நாலும் ஏரியிலும் இருக்கு.

கொள்ளிடம் மணலில் 12 இனம். இதில் ஆறு ஏரியிலும் உண்டு: சிறு நீர்க்காகம், மடையான், சின்னக் கொக்கு, வெண்தொண்டை மீன்கொத்தி, நத்தைகுத்தி, சாம்பல் நாரை. மீதி ஆறு ஆற்றுக்கே உரியவை: ஆற்று ஆலா, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, பட்டாணி உப்புக்கொத்தி, உள்ளான், வெண்புருவ வாலாட்டி, பாலத்துக்கு அடியில் கூடு கட்டுற கம்பிவால் தகைவிலான்.

இதை அட்டவணையா போட்டால் ஒவ்வொரு இடமும் ஒரு வரிசை, ஒவ்வொரு பறவையும் ஒரு பத்தி. இருந்தால் 1, இல்லைன்னா 0. எத்தனை பறவை என்கிற எண்ணிக்கை இங்கே கிடையாது. ஆயிரம் கொக்கும் 1தான், ஒத்தைக் கொக்கும் 1தான்.

ஒரே 0.5, இரண்டு கதை

இரண்டு இடத்தை ஒப்பிட மூன்றே எண் போதும். இரண்டிலும் இருக்கிற இனங்கள் a. முதல் இடத்தில் மட்டும் இருப்பவை b. இரண்டாவது இடத்தில் மட்டும் இருப்பவை c. மொத்த வேறுபாட்டுக்குச் சோரன்சன் குறியீடு:

```
βsor = (b + c) / (2a + b + c)
```

ஏரியையும் குளத்தையும் எடுங்க. பொதுவானது 4, ஏரியில் மட்டும் 8, குளத்தில் மட்டும் 0. அதாவது 8-ஐ 16-ஆல் வகுக்கணும். 0.5.

இப்போ ஏரியும் கொள்ளிடமும். பொதுவானது 6, ஏரியில் மட்டும் 6, ஆற்றில் மட்டும் 6. 12-ஐ 24-ஆல் வகுத்தால் அதுவும் 0.5.

பார்த்தீங்களா? இரண்டு ஜோடிக்கும் ஒரே எண். இதோட நிறுத்திக்கிட்டால், "குளமும் ஆறும் ஏரியிலிருந்து ஒரே அளவு வேறுபடுது" என்று அறிக்கையில் எழுதிடுவோம். அது பொய் இல்லை. ஆனால் உருப்படியா எதையும் சொல்லவும் இல்லை.

அடுத்த படி, மாற்றீட்டை மட்டும் பிரிச்சு எடுக்கிறது. b, c இரண்டில் எது சின்னதோ அதைத்தான் இங்கே பயன்படுத்துறோம்:

```
βsim = min(b, c) / (a + min(b, c))
βsne = βsor − βsim
```

ஏன் சின்னதை எடுக்கணும்? பஸ்ஸையே நினைங்க. எட்டுப் பேர் இறங்கி மூன்று பேர் ஏறினால், மூன்று இடத்தில்தான் "இவருக்குப் பதில் இவர்" என்று சொல்ல முடியும். மீதி ஐந்து பேர் இறங்கினது வெறும் குறைவு. ஆக, இரண்டில் சின்ன எண்தான் மாற்றீடு. பட்டியல் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்கிறதால் மட்டும் வர்ற வேறுபாடு இந்தக் கணக்குக்குள்ள நுழையாது. மொத்தத்திலிருந்து இதைக் கழிச்சால் மிச்சம் நிற்கிறதுதான் உள்ளடங்கலால் வந்த வேறுபாடு.

ஏரி–குளம்: சின்ன எண் 0. மாற்றீடு 0, உள்ளடங்கல் 0.5. முழுக்க முழுக்கக் குறைவு.

ஏரி–கொள்ளிடம்: சின்ன எண் 6. 6-ஐ 12-ஆல் வகுத்தால் 0.5. மாற்றீடு 0.5, உள்ளடங்கல் 0. முழுக்க முழுக்க மாற்றம்.

குளம்–கொள்ளிடம் கொஞ்சம் கலப்பு. பொதுவானது மடையானும் மீன்கொத்தியும், அதாவது 2. குளத்தில் மட்டும் 2, ஆற்றில் மட்டும் 10. மொத்தம் 12/16, அதாவது 0.75. மாற்றீடு 2/4, அதாவது 0.5. மிச்சம் 0.25 உள்ளடங்கல்.

இப்போ இதுக்கு அர்த்தம் என்ன என்று பார்ப்போம். குளத்துக்கு என்ன நடந்திருக்கு? எட்டுப் பறவை அங்கே இல்லை, அதுக்குப் பதிலா வேற எதுவும் வரலை. உடனே கேட்கிற கேள்வி, எது குறைஞ்சதால் அவை இல்லை? கல்படி கட்டின குளத்தில் நாணல் கிடையாது, மிதக்கும் இலை கிடையாது, கால் வச்சு நிற்கிற ஆழம் குறைஞ்ச ஓரம் கிடையாது. இலைக்கோழிக்கு நடக்க இலை வேணும், நாரைக்கு நிற்க ஓரம் வேணும். ஒரு மூலையில் சரிவான மண் ஓரமும் கொஞ்சம் நீர்ச்செடியும் விட்டால் சிலது திரும்பலாம். உள்ளடங்கல் அதிகமா இருந்தால் இழந்தது என்ன, திரும்பக் கொண்டுவர முடியுமா என்று யோசிக்கணும்.

கொள்ளிடத்தில் இந்தக் கேள்வியே பொருந்தாது. அங்கே நாமக்கோழி இல்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அது ஏரியோட குறைப்பிரதி இல்லை. அது வேற ஒரு ஊர். அங்கே நாணல் நட்டு "மேம்படுத்தினால்" உப்புக்கொத்தியும் ஆலாவும்தான் போகும். மாற்றீடு அதிகம் என்றால் இரண்டு இடத்தையும் தனித்தனியா காப்பாத்தணும் என்று அர்த்தம். எளிமையா எண்ணிப் பாருங்க. மூன்று இடத்திலும் சேர்த்து 18 இனம். ஏரியை மட்டும் காத்தால் 12. ஏரியையும் குளத்தையும் காத்தால் அப்பவும் 12தான். ஏரியையும் மணலையும் காத்தால் 18.

இதை வச்சுக் குளத்தை விட்டுடலாம் என்று முடிவு கட்டிடாதீங்க. ஒரு வருஷம் ஏரி வறண்டால் முக்குளிப்பானுக்கு அந்தக் குளம்தான் மிச்சம். 0-வும் 1-ம் மட்டும் உள்ள பட்டியலுக்கு அது தெரியாது.

மூன்றையும் ஒரே கணக்கில்

இடம் அதிகமானால், ஜோடி ஜோடியா போட்டுச் சராசரி எடுத்துக்கலாம் என்று தோணும். அதில் ஒரு குறை இருக்கு. மூன்று இடத்துக்கும் பொதுவான இனம் எத்தனை என்கிற சேதி ஜோடிகளின் சராசரியில் காணாமல் போயிடும். அதனால் பல இடங்களுக்குத் தனி வாய்ப்பாடு இருக்கு. அதுக்கு வேண்டியது மூன்று கூட்டுத்தொகை.

முதலில், ஒவ்வொரு இடத்தின் இன எண்ணிக்கையையும் கூட்டணும்: 12 + 4 + 12 = 28. அதிலிருந்து மொத்த இனங்கள் 18-ஐக் கழிச்சால் 10. இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணப்பட்ட மிகை அது. நாம் a என்று சொன்னதோட இடத்தில் இங்கே இதுதான் நிற்குது. அடுத்து, மூன்று ஜோடியிலும் வந்த சின்ன எண்களைக் கூட்டணும்: 0 + 6 + 2 = 8. கடைசியா, பெரிய எண்களைக் கூட்டணும்: 8 + 6 + 10 = 24.

மாற்றீடு: 8 / (10 + 8) = 0.44. மொத்தம்: (8 + 24) / (20 + 8 + 24) = 0.62. கழிச்சால் உள்ளடங்கல் 0.17. ஆக இந்த மூன்று இடங்களுக்கு நடுவில் இருக்கிற வேறுபாட்டில் பெரும்பங்கு மாற்றீடு. மணல்தான் அதைத் தூக்கி நிறுத்துது.

கணினியில் செய்யணும் என்றால் ஆர் மொழியில் betapart என்று ஒரு தொகுப்பு இருக்கு. பசெல்காவும் கூட்டாளிகளும் எழுதினது. நாலு வரிதான்:

```r
library(betapart)
x <- read.csv("trichy.csv", row.names = 1)
beta.multi(x, index.family = "sorensen")
beta.pair(x, index.family = "sorensen")
```

பதிலில் beta.SIM என்று வர்றது மாற்றீடு, beta.SNE உள்ளடங்கல், beta.SOR மொத்தம். இங்கே ஒரு பொறி இருக்கு. இடங்கள் வரிசையிலும் பறவைகள் பத்தியிலும் இருக்கணும். மாத்திப் போட்டால் நிரல் எந்தப் புகாரும் சொல்லாமல் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்திடும். அது இடங்களை விட்டுட்டுப் பறவைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டது. beta.pair கொடுக்கிற அட்டவணையில் ஏரி, குளம், ஆறு என்று பேர் வருதா, கொக்கு, நாரை என்று வருதா என்று பாருங்க. அதிலேயே தெரிஞ்சிடும்.

இன்னொன்று. இந்தப் பல இட எண்கள் இடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். திருச்சியில் மூன்று இடம் பார்த்தவரும் தஞ்சாவூரில் பத்து இடம் பார்த்தவரும் எண்ணை நேரடியா ஒப்பிடக்கூடாது. பத்திலிருந்து மூன்று மூன்றாகக் குலுக்கி எடுத்து, பல தடவை கணக்குப் போட்டு ஒப்பிடணும். அதுக்கு அதே தொகுப்பில் beta.sample இருக்கு.

ஒரே ஒரு காலை

இப்போ நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்றேன். இந்தப் பேச்சே அதுக்காகத்தான்.

சில வருஷம் முன்னாடி ஒரு சின்னக் குழுவா போய்ப் பட்டியல் எடுத்தோம். ஏரிக்கு நாலு காலை போனோம். கரை இருக்கு, மர நிழல் இருக்கு, டீக்கடை இருக்கு. கொள்ளிடத்துக்கு ஒரே ஒரு காலை. ஒன்பது மணிக்கெல்லாம் மணல் காலைச் சுட ஆரம்பிச்சது. "சார், கிளம்பிடலாமா?" என்று ஒரு பையன் கேட்டான். கிளம்பிட்டோம். வீட்டுக்கு வந்து 0, 1 போட்டுக் கணக்கும் பண்ணினேன். ஆறு ஏரியோட ஒரு குறைஞ்ச பதிப்பு என்று வந்தது. நானும் அப்படியே சொன்னேன். கூட்டத்தில் கரையோரம் விவசாயம் பண்ற ஒரு பெரியவர் இருந்தார். "தம்பி, நீங்க மணலைப் பார்க்கலை. மணல்மேல நின்னு தண்ணியைப் பார்த்திருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று நம்ம பயிற்சிப் பட்டியலை வச்சே காட்டுறேன். கொள்ளிடத்தில் உண்மையில் 12 இனம் இருக்கு. ஒரே காலையில் எது கண்ணில் படும்? மடையான், சின்னக் கொக்கு, நீர்க்காகம், வெண்தொண்டை மீன்கொத்தி. பெரிசு, வெள்ளை, அல்லது சத்தம் போடுறது. தலைக்கு மேல பறக்கிற ஆலாவும் தெரியும். ஆக 5 இனம். பட்டாணி உப்புக்கொத்தி? அது மணல் நிறத்தில் மணல்மேல உட்கார்ந்திருக்கும். ஓடினால்தான் தெரியும். உள்ளானும் அப்படித்தான். தகைவிலானைப் பார்க்கணும் என்றால் பாலத்துக்கு அடியில் போய் நிற்கணும்.

இந்த 5-ஐ ஏரியோட ஒப்பிடுங்க. பொதுவானது 4, ஏரியில் மட்டும் 8, ஆற்றில் மட்டும் 1. மொத்தம் 9/17, அதாவது 0.53. முழுப் பட்டியலுக்கு என்ன வந்தது? 0.5. கிட்டத்தட்ட அதேதான். அதனால் சந்தேகமே வராது. ஆனால் பிரிச்சுப் பாருங்க. மாற்றீடு 1/5, அதாவது 0.2. உள்ளடங்கல் 0.33. முழுக்க மாற்றீடா இருந்தது, பெரும்பாலும் உள்ளடங்கலா புரண்டுடுச்சு.

மூன்று இடத்துக்கும் சேர்த்துப் போட்டாலும் அதே கதை. மாற்றீடு 0.44-லிருந்து 0.27-க்கு இறங்குது, உள்ளடங்கல் 0.17-லிருந்து 0.31-க்கு ஏறுது. மொத்தம் 0.62-லிருந்து 0.58. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியாது.

இது தற்செயல் இல்லை. எல்லா இடத்திலும் இருக்கிற பறவைதான் பெரும்பாலும் சுலபமா கண்ணில் படும். ஒரு இடத்துக்கே உரியது பெரும்பாலும் ஒளிஞ்சிருக்கும், குறைவாவும் இருக்கும். அதனால் குறைச்சுப் பார்த்த இடத்தில் பொதுப் பறவைகள் பட்டியலில் நின்னுடும், தனிப்பறவைகள் விழுந்திடும். மிஞ்சுற பட்டியல் பெரிய பட்டியலுக்குள்ள அடங்கின மாதிரியே இருக்கும். நம்ம சோம்பல்தான் உள்ளடங்கல் என்று வேஷம் போட்டு வருது. 0 என்று எழுதினால் இரண்டு அர்த்தம் இருக்கு: அங்கே இல்லை, அல்லது நான் பார்க்கலை. வாய்ப்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் பணயம் என்ன என்று கேட்டால், ஆற்று ஆலாவைச் சொல்வேன். அது ஆற்று மணல்திட்டில் வெறும் பள்ளத்தில் முட்டை வைக்கிற பறவை. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் அழியும் வாய்ப்புள்ள இனமா இருக்கு. "இந்த மணல் ஏரியோட குறைப்பிரதிதான்" என்று ஒரு தாளில் எழுதிட்டால், மணல் அள்ளப் போறவருக்கு அந்தத் தாளே போதும். அந்த வரியை எழுதினவன் ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினவன் என்று அதில் எங்கேயும் இருக்காது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது

முதல் வழி, ஒவ்வொரு காலையையும் தனிப் பட்டியலா வச்சுக்கிறது. எல்லாத்தையும் சேர்த்து ஒரே வரிசையா ஆக்கிட்டால் இந்த வழி அடைஞ்சு போயிடும். தனித்தனியா இருந்தால், ஒரே ஒரு தடவை மட்டும் தட்டுப்பட்ட இனங்கள் எத்தனை, சரியா இரண்டு தடவை தட்டுப்பட்டவை எத்தனை என்று எண்ணலாம். ஒரு தடவை மட்டும் பார்த்தவை நிறைய இருந்தால், பார்க்காமல் விட்டதும் நிறைய இருக்கு என்று அர்த்தம். இதுக்கு ஆன் சாவ் என்கிற புள்ளியியலாளர் கொடுத்த மதிப்பீடு இருக்கு. கொள்ளிடத்துக்கு இரண்டு காலை போய் 8 இனம் பார்த்தோம், அதில் 6 ஒரு தடவை, 2 இரண்டு தடவை என்று வைங்க. 6-ஐ 6-ஆல் பெருக்கி, 2-ன் இரு மடங்கான 4-ஆல் வகுத்தால் 9. இரண்டே தடவை போனதால் அதில் பாதி, 4.5. 8-ஓட கூட்டினால் 12.5. அதாவது நாலைந்து இனம் இன்னும் கையில் வரலை. இந்த நிலையில் βsne கணக்குப் போடவே கூடாது. நாலு காலை போய், பார்த்ததும் மதிப்பிட்டதும் பக்கத்தில் வந்த பிறகு போடலாம்.

இரண்டாவது வழி இன்னும் சுலபம். அதிகமா பார்த்த இடத்தை வேணும்னே குறைச்சுப் பாருங்க. ஏரிக்கு நாலு காலை, ஆற்றுக்கு ஒரு காலை என்றால், ஏரியிலும் ஒரே ஒரு காலையோட பட்டியலை மட்டும் எடுத்து ஒப்பிடுங்க. நாலு காலையையும் ஒவ்வொன்றா மாத்தி மாத்திப் போடுங்க. உள்ளடங்கல் சட்டென்று விழுந்தால், அது இடத்தோட குணம் இல்லை, நம்ம உழைப்போட ஏற்றத்தாழ்வு.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு மாதிரி இ-பேர்டில் ஏறின பட்டியல்களைப் பயன்படுத்துறவங்களுக்கும் இதையேதான் சொல்வேன். பார்த்த எல்லா இனமும் பதிவான முழுப் பட்டியலா என்று பாருங்க. எத்தனை நிமிஷம் என்று பாருங்க. ஒவ்வொரு இடத்திலும் அதே எண்ணிக்கையில் பட்டியல் எடுங்க. மாசத்தையும் பாருங்க. ஆடியில் வெள்ளம் போற கொள்ளிடமும் மாசியில் மணலா கிடக்கிற கொள்ளிடமும் ஒரே இடம் இல்லை. ஏரியை மாசியிலும் ஆற்றை ஆடியிலும் பார்த்துட்டு, இடத்தால் வந்த வேறுபாடு என்று சொல்ல முடியாது.

கேட்ட ஒரு கேள்வி

பதிவு முடிஞ்சதும் ஒருத்தங்க கேட்டாங்க: "உள்ளடங்கல் 0 என்று வந்தால், ஒன்றுக்குள்ள ஒன்று அடங்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?" இல்லைங்க. இரண்டு இடத்தின் பட்டியலும் அச்சு அசலா ஒன்றா இருந்தாலும் βsne 0-தான், ஏன்னா அங்கே வேறுபாடே இல்லை. பொதுவா ஒரு இனமும் இல்லாத இரண்டு இடத்துக்கும் 0-தான், ஏன்னா அங்கே எல்லாமே மாற்றீடு. இந்த எண் உள்ளடங்கலை நேரா அளக்கலை. உள்ளடங்கல் காரணமா எவ்வளவு வேறுபாடு வந்தது என்கிறதைத்தான் அளக்குது.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கணும். பிரிக்கிற முறை இது ஒன்றுதான் என்று இல்லை. 2011-ல் போதானி, ஷ்மேரா இருவரும் வேற விதமா பிரிச்சாங்க. அவங்க பிரிக்கிறது மாற்றீடு, எண்ணிக்கை வித்தியாசம் என்று. ஜக்கார்டு குறியீட்டை வச்சுச் செய்றாங்க. நம்ம குளம்–கொள்ளிடம் ஜோடியை அவங்க வழியில் போட்டால் மாற்றீடு 4/14, அதாவது 0.29. எண்ணிக்கை வித்தியாசம் 8/14, அதாவது 0.57. பசெல்கா வழியில், சோரன்சனில் போட்டாலும் ஜக்கார்டில் போட்டாலும், அதே ஜோடியில் மாற்றீடுதான் பெரிசு. இருவர் கணக்கும் சரிதான். பசெல்கா சின்னப் பட்டியலைப் பார்த்து, அதில் எவ்வளவு மாறியிருக்கு என்று கேட்கிறார். மற்றவங்க, மொத்த இனங்களில் எத்தனை மாற்றத்தில் சேரும், எத்தனை வெறும் கூடுதலில் சேரும் என்று கேட்கிறாங்க. ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோட ஒப்பிட்டுடாதீங்க. அறிக்கையில் எந்த முறை, எந்தக் குறியீடு என்று ஒரு வரி எழுதிடுங்க.

கொள்ளிடத்துக்கு அப்புறம் மூன்று காலை போனோம். அந்தப் பெரியவரும் ஒரு நாள் கூட வந்தார். மணலில் ஒரு இடத்தைக் காட்டி, "அங்க காலை வைக்காதீங்க" என்றார். எனக்கு வெறும் மணலாத்தான் தெரிஞ்சது. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்த பிறகுதான் இரண்டு முட்டை தெரிஞ்சது, மணல் நிறத்தில், புள்ளி போட்டு. அதுக்கு முந்தின என் அட்டவணையில் அந்த இடத்துக்கு நேரா 0 இருந்தது.